சொன்னது யார்? நாற்பது ஸ்லைடு வழக்கை ஒரு பக்கத்தில் எழுதுவது

பெரிய மருத்துவமனைகளில் அவ்வப்போது சட்டப் பயிற்சி நடக்கும். வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞர் வருவார், நாற்பது ஸ்லைடு போட்டுக் காட்டுவார், டீ பிஸ்கட்டோடு கூட்டம் கலையும். அந்த பவர்பாயிண்ட் கோப்பு எல்லோருக்கும் மெயிலில் வரும், திறந்து பார்ப்பவர் குறைவு. பிறகு ஒருநாள் கண்காணிப்பாளர் தரப் பிரிவில் உள்ள யாரையாவது கூப்பிட்டு, "இதை ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க, எல்லா வார்டுக்கும் அனுப்பணும்" என்பார். பெரும்பாலும் அந்த வேலை சட்டம் படிக்காத ஒருவர் தலையில்தான் விழும்.

சட்டம் படிக்காதவரும் இதை நன்றாகச் செய்ய முடியும். ஆனால் ஸ்லைடில் இருப்பதைச் சுருக்கினால் போதும் என்று உட்கார்ந்தால் தவறான குறிப்புதான் வரும். காரணத்தை ஒரு ஸ்லைடை வைத்தே பார்த்துவிடலாம். மருத்துவமனைப் பயிற்சிகளில் தவறாமல் வரும் வழக்கு ஒன்று உண்டு. நோயாளியின் ஒப்புதல் குறித்து உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று வழங்கிய தீர்ப்பு அது. 2008ஆம் ஆண்டு எஸ்.சி.சி. தொகுப்பின் இரண்டாம் பாகத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றிய ஸ்லைடு பொதுவாக இந்த ரீதியில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்:

வழக்கின் உண்மைகள்
• நோயாளிக்கு வயது 44, திருமணமாகாதவர்
• பரிசோதனைக்கு மட்டுமே ஒப்புதல்
• ஒப்புதலின்றிக் கர்ப்பப்பை, சினைப்பைகள் அகற்றம்
• அவசரநிலை ஏதுமில்லை
• தாயின் கையெழுத்து செல்லாது

தலைப்பு 'உண்மைகள்' என்கிறது. ஆனால் இந்த ஐந்து வரிகளில் முதல் வரி மட்டும்தான் உண்மை. மற்ற நான்கும் நீதிமன்றம் வழக்கின் கடைசியில் எட்டிய முடிவுகள். அந்த நான்கையும் பற்றித்தான் இரு தரப்பும் பன்னிரண்டு ஆண்டு சண்டை போட்டன. அவை தொடக்கத்திலேயே தெரிந்த உண்மைகளாக இருந்திருந்தால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்காது.

பயிற்சியாளரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஸ்லைடு என்ற வடிவமே அப்படி. ஒரு வரியில் ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் வைக்க இடமில்லை என்றால் முதலில் விழுவது 'என்று நோயாளி கூறினார்', 'என்று மருத்துவர் வாதிட்டார்', 'என்று நீதிமன்றம் கண்டது' போன்ற பகுதிகள்தான். கூட்டத்தில் பயிற்சியாளர் அவற்றை வாயால் சொல்லியிருப்பார். கோப்பை மட்டும் பிறகு படிப்பவருக்கு அந்தக் குரல் இல்லை. ஆகவே குறிப்பு எழுதுபவரின் முதல் வேலை சுருக்குவது அல்ல. ஒவ்வொரு வரியையும் சொன்னது யார் என்று கண்டுபிடித்து, விழுந்துபோன எழுவாயைத் திரும்ப ஒட்டுவது.

அதற்குத் தீர்ப்பைத்தான் திறக்க வேண்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இந்தத் தீர்ப்பு மூன்று நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பு, எழுதியவர் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன். தெளிவான கட்டமைப்பு உள்ளது, பழகாதவரும் ஒரு மாலையில் படித்துவிடலாம். முதலில் கடைசிப் பத்தியைப் படிக்க வேண்டும். யாருக்கு என்ன கிடைத்தது என்பது அங்கேதான் இருக்கிறது. அடுத்து, 'எங்கள் பரிசீலனைக்கு எழும் கேள்விகள்' என்று நீதிமன்றமே வரிசைப்படுத்தும் இடத்துக்குப் போக வேண்டும். இவை இரண்டும் கையில் இருந்தால் நடுவில் உள்ளதை எந்தக் கட்டத்தில் போடுவது என்பது தானாகத் தெரிய ஆரம்பிக்கும்.

வழக்கைச் சுருக்கமாகப் பார்ப்போம். பெயர்கள் வேண்டாம், 'நோயாளி', 'மருத்துவர்' என்றே சொல்கிறேன். குறிப்பிலும் அப்படி எழுதுவதுதான் நல்லது. தீர்ப்பில் 'மேல்முறையீட்டாளர்', 'எதிர்மனுதாரர்' என்று வரும். கீழே 'புகார்தாரர்' என்று இருந்தவர் மேலே 'மேல்முறையீட்டாளர்' ஆகிவிடுவார். இரண்டாவது பத்தியிலேயே வார்டு நர்ஸுக்கு யார் எவர் என்று குழம்பிவிடும்.

1995 மே 9 அன்று ஒரு பெண் நீண்ட நாள் மாதவிடாய் இரத்தப்போக்கு என்று ஒரு மகளிர் நல மருத்துவரிடம் போகிறார். அல்ட்ராசவுண்ட் எடுக்கப்படுகிறது. நோயை உறுதிப்படுத்த மறுநாள் மயக்க மருந்து கொடுத்து லேப்ராஸ்கோபி செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். மே 10 அன்று நோயாளி தாயுடன் வருகிறார், படிவங்களில் கையெழுத்துப் போடுகிறார். அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில், நோயறிவதற்கும் சிகிச்சைக்குமான லேப்ராஸ்கோபி என்றும், லேப்ரடாமி, அதாவது வயிற்றைக் கீறித் திறப்பது, தேவைப்படலாம் என்றும் எழுதியிருந்தது. நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது உதவி மருத்துவர் தியேட்டரை விட்டு வெளியே வந்து, காத்திருந்த தாயிடம் கர்ப்பப்பையை எடுப்பதற்குச் சம்மதம் வாங்குகிறார். அதன் பிறகு கர்ப்பப்பை, இரு சினைப்பைகள், கருக்குழாய்கள் அகற்றப்படுகின்றன. நோயாளி மருத்துவமனைக் கட்டணத்தைச் செலுத்தாமல் வெளியேறுகிறார். 1996 ஜனவரியில் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டு தேசிய நுகர்வோர் ஆணையத்தில் புகார் தருகிறார். 2003 நவம்பரில் ஆணையம் புகாரைத் தள்ளுபடி செய்கிறது. நோயாளி உச்ச நீதிமன்றம் போகிறார்.

மேலே உள்ள பத்தியில் 'ஒப்புதலின்றி' என்ற சொல்லே இல்லை. படிவத்தில் என்ன எழுதியிருந்தது, அதில் யார் கையெழுத்து இருந்தது, எந்த நேரத்தில் யாரிடம் யார் பேசினார் என்பது மட்டும் இருக்கிறது. உண்மைகள் பகுதி சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். வழக்கில் தோற்றவரின் வழக்கறிஞர் அதைப் படிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எந்த வரியிலாவது பேனாவை வைத்து 'இது தப்பு' என்பார் என்றால், அந்த வரி உண்மைகள் பகுதியில் இருக்கக் கூடாது. 'பரிசோதனைக்கு மட்டுமே ஒப்புதல்' என்ற வரியில் மருத்துவரின் வழக்கறிஞர் கட்டாயம் பேனாவை வைப்பார். 'படிவத்தில் சிகிச்சைக்கான லேப்ராஸ்கோபி என்றும் இருக்கிறதே, லேப்ரடாமி தேவைப்படலாம் என்றும் இருக்கிறதே, மட்டுமே என்று எப்படிச் சொல்கிறீர்கள்?' என்பார். படிவத்தின் வாசகத்தை அப்படியே எடுத்து எழுதினால் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அந்த 'மட்டுமே' ஸ்லைடு சேர்த்தது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இந்த நோயாளிக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருந்ததா? கர்ப்பப்பையின் உட்புறப் படலம் போன்ற திசு வெளியே, சினைப்பைகளிலும் சுற்றிலும் வளரும் நோய் அது. இருந்தது, முற்றிய நிலையில் இருந்தது என்றார் மருத்துவர். அப்படி ஒரு நோயே இல்லை, செய்த காரியத்தை மறைக்கக் கட்டிய கதை என்றது நோயாளி தரப்பு. நோய் இருப்பதும் இல்லாததும் உடலில் உள்ள விஷயம், அந்த அர்த்தத்தில் உண்மைதான். ஆனால் இரு தரப்பும் அதில் முரண்படுகின்றன. நீதிமன்றம் ஆவணங்களையும் சிறப்பு மருத்துவர்களின் சாட்சியத்தையும் பார்த்து மருத்துவர் சொன்னதை ஏற்றுக்கொண்டது. அப்படியென்றால் இதை எந்தக் கட்டத்தில் போடுவது?

என் பழக்கம் இது. யாரும் மறுக்காதது உண்மைகளில் போகும். ஒருவர் சொல்லி மற்றவர் மறுத்தது வாதங்களில் போகும். அந்த மறுப்பைத் தீர்த்து நீதிமன்றம் சொன்னது முடிவுகளில் போகும், 'நோய் இருந்தது என்று நீதிமன்றம் ஏற்றது' என்ற வாசகத்தோடு. ஒரே செய்தி இரண்டு இடத்தில் வருகிறதே என்று தயங்க வேண்டாம். வாதத்தில் அது ஒருவரின் கூற்று, முடிவில் அது தீர்க்கப்பட்ட விஷயம். இரண்டையும் ஒன்றாக்கி 'நோயாளிக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருந்தது' என்று உண்மைகளில் எழுதிவிட்டால், நோயாளி அதை எதிர்த்து நின்றதும், நின்று தோற்றதும் குறிப்பிலிருந்து மறைந்துவிடும்.

அதே மாதிரிதான் கீழ்நிலை ஆணையத்தின் தீர்ப்பும். நோயாளி தானாக வந்தார், சம்மதம் இருந்தது, அறுவை கவனத்தோடு செய்யப்பட்டது என்று சொல்லித்தான் தேசிய ஆணையம் புகாரைத் தள்ளியது. அது ஒரு முடிவு, ஆனால் உச்ச நீதிமன்ற வழக்குக்கு அது பழைய வரலாறு. குறிப்பில் உண்மைகள் பகுதியின் கடைசி வரியாக வர வேண்டும். இதை 'முடிவுகள்' தலைப்பின் கீழ் போட்டுவிட்டால், வேகமாகப் படிப்பவர் மருத்துவர் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு போவார்.

வாதங்களுக்கு வருவோம். ஸ்லைடுகளில் மிக மோசமாகக் கையாளப்படுவது இந்தப் பகுதிதான். ஜெயித்தவரின் வாதம் நான்கு வரி, தோற்றவரின் வாதம் அரை வரி. சில கோப்புகளில் அந்த அரை வரியும் இருக்காது. ஆனால் மருத்துவமனையில் வேலை செய்பவருக்கு எது அதிகம் பயன்படும்? தோற்ற வாதம்தான். ஏனென்றால் நாளைக்குத் தியேட்டரில் நிற்கும் மருத்துவர் மனதில் ஓடப்போவது அதே வாதம்தான்.

இந்த மருத்துவர் சொன்னது முட்டாள்தனமான வாதம் அல்ல. படிவத்தில் லேப்ரடாமி என்று இருக்கிறது, பெரிய அறுவைக்கும் அதில் சம்மதம் அடங்கும் என்றார். வயிற்றுக்குள் பார்த்தபோது நோய் முற்றியிருந்தது, உறுப்புகளை அகற்றுவதே சரியான சிகிச்சை என்றார். நோயாளி மயக்கத்தில் இருந்ததால் தாயிடம் கேட்டுச் சம்மதம் வாங்கினோம் என்றார். இன்றைக்கும் எத்தனையோ தியேட்டர் வாசல்களில் இதே காட்சியைப் பார்க்கலாம். உறவினர் கையெழுத்து என்றால் நம் ஊரில் ஒரு பெரிய பாதுகாப்பு என்ற நினைப்பு ஆழமாக இருக்கிறது. இந்த வாதங்களைக் குறிப்பில் நேர்மையாக, அவற்றின் முழு பலத்தோடு எழுதினால்தான், அவற்றை நீதிமன்றம் ஏன் தள்ளியது என்பது படிப்பவர் மனதில் ஏறும்.

நோயாளி தரப்பு வாதங்களில் ஒரு கவனம் தேவை. அவர் ஒன்றல்ல, மூன்று நான்கு விஷயங்கள் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை என்றார். எனக்கு அந்த நோயே இல்லை என்றார். இருந்தாலும் உறுப்புகளை எடுக்காமல் குணப்படுத்தும் வழி இருந்தது, அதைத்தான் முயன்றிருக்க வேண்டும் என்றார். லேப்ராஸ்கோபியில் நேர்ந்த பிழையை மறைக்கவோ, கூடுதல் கட்டணம் வாங்கவோ பெரிய அறுவை செய்தார்கள் என்ற குற்றச்சாட்டும் இருந்தது. இவை ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. முதலாவதில் ஜெயித்து மற்றவற்றில் தோற்கலாம். நடந்ததும் அதுதான்.

உச்ச நீதிமன்றம் ஆறு கேள்விகளை வகுத்துக்கொண்டது. அறுவைக்குச் சம்மதம் தேவையா, அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்? நோயறியும் சோதனைக்குக் கொடுத்த சம்மதம் அடுத்த கட்ட அறுவைக்கும் சேருமா? இந்த வழக்கில் உறுப்புகளை அகற்றச் சம்மதம் இருந்ததா? நோய் என்பது கட்டுக்கதையா? நோய் இருந்தாலும் சிறிய சிகிச்சையே போதுமானதாக இருந்ததா? மருத்துவர் பொறுப்பாவாரா, இழப்பீடு உண்டா? இந்த ஆறில் நான்காவதும் ஐந்தாவதும் மருத்துவருக்குச் சாதகமாகப் போயின. நோய் இருந்தது, அகற்றியது மருத்துவ ரீதியில் ஏற்கத்தக்க சிகிச்சைதான், மறைப்பதற்கோ பணத்துக்கோ செய்ததற்கு ஆதாரமில்லை. சம்மதம் பற்றிய முதல் மூன்றிலும் நோயாளியின் பக்கம் நியாயம் என்றது நீதிமன்றம். அதனால் ஆறாவதிலும் அவருக்கு வெற்றி.

ஆனால் அது எவ்வளவு பெரிய வெற்றி என்பதில்தான் பல பயிற்சிக் கோப்புகள் வழுக்குகின்றன. கேட்டது 25 லட்சம். கிடைத்தது 25 ஆயிரம் ரூபாய், கூடவே மருத்துவருக்கு அந்த அறுவைக்கான கட்டணம் எதுவும் கிடையாது என்ற உத்தரவு. மருத்துவர் நல்லெண்ணத்தோடு, நோயாளியின் நலனுக்காகச் செய்தார் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. 'ரூ.25 லட்சம் இழப்பீட்டு வழக்கு' என்று ஸ்லைடில் பெரிய எழுத்தில் போட்டால் அது பொய்யில்லை, வழக்கு அந்தத் தொகைக்குத்தான் போடப்பட்டது. ஆனால் படிப்பவர் மனதில் பதிவது நீதிமன்றம் 25 லட்சம் கொடுத்தது என்பதே. கோரிக்கைத் தொகை உண்மைகள் பகுதியில், தீர்ப்புத் தொகை முடிவுகள் பகுதியில். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் 'கேட்டது', 'கிடைத்தது' என்று வினைச்சொல்லோடு வர வேண்டும்.

இன்னொரு வழுக்கல், 'அலட்சியம் நிரூபணம்' என்று எழுதுவது. சிகிச்சையில் திறமைக்குறைவு என்றோ, தவறான அறுவை என்றோ நீதிமன்றம் சொல்லவில்லை. சம்மதமில்லாமல் செய்தது தவறு, அது சேவைக் குறைபாடு என்றது. வார்டில் உள்ளவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். நன்றாகச் செய்த அறுவைக்கும் மருத்துவர் பொறுப்பாவார் என்பதுதான் இந்தத் தீர்ப்பின் கூர்மையே. 'அலட்சியம்' என்று எழுதிவிட்டால், 'நாம் கவனமாகத்தானே செய்கிறோம், இது நமக்கில்லை' என்று படிப்பவர் நகர்ந்துவிடுவார்.

முடிவுகள் பகுதியில் தீர்ப்பையும் விதியையும் பிரிக்க வேண்டும். தீர்ப்பு என்பது இந்த இருவருக்குள் யாருக்கு என்ன என்பது. விதி என்பது அடுத்த வழக்குக்கும் பொருந்துவது. இங்கே விதியைச் சுருக்கமாகச் சொன்னால், நோயறியும் சோதனைக்குத் தரும் சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது, ஒரு சிகிச்சைக்குத் தருவது வேறொன்றுக்கு ஆகாது. முன்கூட்டியே இரண்டுக்கும் சேர்த்துச் சம்மதம் வாங்கலாம். விதிவிலக்கு ஒன்றுதான். உயிரைக் காக்கவோ உடல்நலத்தைப் பாதுகாக்கவோ அந்தக் கூடுதல் அறுவை அவசியமாகி, நோயாளி கண் விழிக்கும் வரை தள்ளிப்போடுவது நியாயமாக இருக்காது என்ற நிலை. விதிவிலக்கை எழுதாமல் விடுவது குறிப்பில் செய்யக்கூடிய மிகப் பெரிய பிழை. அது இல்லாத குறிப்பைப் படித்த பணியில் இருக்கும் டாக்டர், உள்ளே இரத்தம் கொட்டும்போது படிவத்தைத் தேடிக்கொண்டு நிற்பார்.

இதையெல்லாம் வைத்து எழுதினால் குறிப்பு கிட்டத்தட்ட இப்படி வரும்:

கேள்வி: நோயறியும் லேப்ராஸ்கோபிக்குக் கையெழுத்திட்ட நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது, தாயின் சம்மதத்தை வைத்து அவருடைய கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றலாமா?

உண்மைகள் (இரு தரப்பும் மறுக்காதவை): நோயாளிக்கு வயது 44. மே 1995இல் நீண்ட நாள் இரத்தப்போக்குக்காக வந்தார். அவர் கையெழுத்திட்ட படிவத்தில் நோயறிவதற்கும் சிகிச்சைக்குமான லேப்ராஸ்கோபி, லேப்ரடாமி தேவைப்படலாம் என்று இருந்தது. கர்ப்பப்பை அகற்றல் பற்றி அதில் ஏதுமில்லை. அவர் மயக்கத்தில் இருந்தபோது உதவி மருத்துவர் தாயிடம் கர்ப்பப்பை அகற்றலுக்குச் சம்மதம் வாங்கினார். கர்ப்பப்பையோடு சினைப்பைகளும் கருக்குழாய்களும் அகற்றப்பட்டன. ரூ.25 லட்சம் கேட்ட புகாரை 2003இல் தேசிய ஆணையம் தள்ளுபடி செய்தது.

நோயாளியின் வாதம்: சோதனைக்கு மட்டுமே சம்மதித்தேன். சொல்லப்படும் நோய் எனக்கு இல்லை. இருந்தாலும் உறுப்புகளை எடுக்காமல் சிகிச்சை தந்திருக்கலாம்.

மருத்துவரின் வாதம்: படிவத்தின் வாசகம் பெரிய அறுவைக்கும் பொருந்தும். முற்றிய நோய்க்கு அதுவே சரியான சிகிச்சை. தாயிடம் சம்மதம் பெறப்பட்டது.

நீதிமன்றத்தின் முடிவு: நோய் இருந்தது, சிகிச்சைத் தேர்வில் தவறில்லை (மருத்துவருக்குச் சாதகம்). ஆனால் சம்மதம் இல்லை. வயிற்றைத் திறக்கச் சம்மதிப்பது உறுப்பை எடுக்கச் சம்மதிப்பதாகாது. நோயாளி சுயமாக முடிவெடுக்கக்கூடிய வயதுவந்தவர், தற்காலிக மயக்கத்தில்தான் இருந்தார், அவசரநிலை இல்லை, ஆகவே தாயின் சம்மதம் செல்லாது. கர்ப்பப்பைக்குத் தந்த சம்மதம் சினைப்பைகளுக்கும் ஆகாது. கட்டணம் மறுக்கப்பட்டது, ரூ.25,000 இழப்பீடு.

விதியும் விதிவிலக்கும்: ஒவ்வொரு சிகிச்சைக்கும் அதற்குரிய சம்மதம் வேண்டும், முன்கூட்டிச் சேர்த்தும் வாங்கலாம். உயிரோ உடல்நலமோ காக்க உடனடியாகத் தேவைப்பட்டு, நோயாளி விழிக்கும் வரை காத்திருப்பது நியாயமில்லாத இடத்தில் மட்டும் விலக்கு.

'அவசரநிலை இல்லை' என்பது இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்லைடில் உண்மைகளில் இருந்தது, இங்கே முடிவுகளில், அதுவும் 'ஆகவே' என்ற சொல்லுக்கு முன்னால். தாயின் சம்மதம் செல்லாது என்பதற்கு அது ஒரு காரணம். அந்தக் காரணத்தை உருவி உண்மைகள் பகுதியில் வைத்துவிட்டால், மிச்சமிருப்பது 'தாயின் கையெழுத்து செல்லாது' என்ற மொட்டை வாக்கியம். அதைப் படிப்பவர் எந்த நோயாளிக்கும் எந்த உறவினரும் கையெழுத்திட முடியாது என்று எடுத்துக்கொள்வார். குழந்தைக்குத் தாய் கையெழுத்துப் போடுவதும், சுயநினைவே இல்லாமல் வருபவருக்கு வீட்டார் போடுவதும் இந்தத் தீர்ப்பு தொட்ட விஷயமே அல்ல.

பயிற்சிக் கோப்பில் இன்னும் இரண்டு வகை ஸ்லைடுகள் மிச்சமிருக்கும். ஒன்று வெளிநாட்டு வழக்குகள். இந்தத் தீர்ப்பில் அமெரிக்காவின் கேன்டர்பரி (1972), பிரிட்டனின் சைடவே (1985) ஆகிய வழக்குகளை நீதிமன்றம் விவாதித்தது. நோயாளிக்கு எவ்வளவு தகவல் சொல்ல வேண்டும் என்பதில் அமெரிக்க அளவுகோலை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பிரிட்டிஷ் அணுகுமுறையை ஒட்டி நின்றது. ஒரு பக்கக் குறிப்பில் இதற்கு இடமில்லை, ஒரு வரி போதும். ஆனால் ஆண்டைக் கவனிக்க வேண்டும். பல கோப்புகளில் இதே ஸ்லைடில் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் மாண்ட்கோமரி தீர்ப்பும் இருக்கும். அது 2015இல் வந்தது, சைடவே வகுத்த வழியிலிருந்து விலகிய தீர்ப்பு. 2008இல் எழுதிய நீதிபதி அதைப் பார்த்திருக்க வழியில்லை. ஸ்லைடில் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அதை இந்தத் தீர்ப்பின் காரணங்களோடு சேர்த்து எழுதிவிடுபவர்கள் உண்டு. குறிப்பில் வழக்குப் பெயர் வரும் ஒவ்வொரு இடத்திலும் ஆண்டைப் போட்டுவிட்டால் இந்தத் தவறு கண்ணில் தானே குத்தும்.

மற்றது பயிற்சியாளரின் அறிவுரை. 'ஒப்புதல் வாங்குவதை வீடியோ எடுங்கள்', 'இரண்டு சாட்சி கையெழுத்து வாங்குங்கள்', 'தமிழிலும் படிவம் வையுங்கள்'. எல்லாம் நல்ல யோசனைகளாக இருக்கலாம். ஆனால் 'தீர்ப்பு சொல்லும் பாடங்கள்' என்ற தலைப்பில் வரும்போது, உச்ச நீதிமன்றமே வீடியோ எடுக்கச் சொன்னது போல் ஆகிவிடுகிறது. இந்தத் தீர்ப்பில் அப்படி ஒரு கட்டளை இல்லை. இவற்றை அடியில் தனியாக, 'பயிற்சியாளரின் பரிந்துரை' என்ற தலைப்பில் எழுத வேண்டும். நிர்வாகம் ஏற்றுக்கொண்டால் அது மருத்துவமனையின் நடைமுறை, இல்லாவிட்டால் வெறும் யோசனை.

பக்கம் நிரம்பிவிட்டது, எதையாவது வெட்ட வேண்டும் என்றால், நான் வெளிநாட்டு வழக்குகளை முதலில் வெட்டுவேன், அடுத்து புகார், தள்ளுபடி நாட்களை. கடைசி வரை வெட்டாதது மருத்துவரின் வாதமும் விதிவிலக்கும். கோப்பைத் தயாரித்தவர் பெரும்பாலும் நேர்மாறாகத்தான் செய்திருப்பார்.

குறிப்பு வேலை செய்கிறதா என்பது தியேட்டர் நர்ஸ் யாராவது கேட்கும் கேள்வியில் தெரிந்துவிடும். "சார், படிவத்துல லேப்ராஸ்கோபின்னு மட்டும் இருக்கு. உள்ள பாத்துட்டு கட்டி இருக்கு, சினைப்பைய எடுக்கணும்னு டாக்டர் சொல்றாங்க. வெளிய அவங்க வீட்டுக்காரர் இருக்கார். கையெழுத்து வாங்கிடவா?" என்று கேட்டால், பதில் சொல்பவர் குறிப்பின் எந்த வரியைக் காட்ட வேண்டும்? ஸ்லைடின் 'ஒப்புதலின்றி அகற்றம்' என்ற வரியால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. முடிவுகள் பகுதியில் உள்ள மூன்று காரணங்கள்தான் கேள்விகளாக மாறும். "சிஸ்டர், பேஷண்ட் சுயமா முடிவெடுக்கக்கூடியவங்கதானே? மயக்கம் தெளிஞ்சா பேசுவாங்கதானே? அதுவரைக்கும் காத்திருந்தா உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னு டாக்டர் சொல்றாங்களா?" மூன்றாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று டாக்டர் சொன்னால், அது ஏன் என்பதை அவர் அந்த நேரத்திலேயே கேஸ் ஷீட்டில் தன் கையால் எழுதிவிட வேண்டும். இல்லை என்றால், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். நோயாளி கண் விழித்து, விஷயத்தைக் கேட்டு, அவரே முடிவு சொல்லும் வரை அந்தச் சினைப்பை இருந்த இடத்தில் இருக்கும்.